ஆளுக்கு எவ்வளவு? சிங்கப்பூர் காரில் கோலாலம்பூர் போய்வரும் செலவுக் கணக்கு

அண்ணே, அடுத்த மாதம் என் காரில் ஈசூனிலிருந்து கோலாலம்பூர் போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், இரண்டு நண்பர்கள், என் அத்தை. அத்தை மலாக்காவில் மகள் வீட்டில் இறங்கிவிடுவார், திரும்பி எங்களோடு வரமாட்டார். பெட்ரோல், டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு வாங்கினால் நியாயம்? போன தடவை மொத்தத்தை நான்கால் வகுத்துச் சொன்னேன், ஒருத்தர் முகம் சுளித்தார்.

வகுப்பதில் யாரும் தப்புச் செய்வதில்லை தம்பி. வகுக்க எடுத்த தொகையில்தான் தப்பு நுழையும், அதுவும் பெரும்பாலும் பெட்ரோல் வழியாக. டோலுக்கும் பார்க்கிங்குக்கும் இங்கே இவ்வளவு கழிந்தது என்று எழுதி வந்துவிடும். பெட்ரோல் அப்படி இல்லை. புறப்படும் முன்பே கொஞ்சம் டாங்கில் கிடக்கும், திரும்பி வந்த பின்பும் கொஞ்சம் கிடக்கும். நடுவில் எரிந்தது எவ்வளவு, எரிந்தது எந்த விலைப் பெட்ரோல் என்பதில் காரில் இருக்கும் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்.

இதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நான்கு பேராகப் பத்துமலைக்குப் போய்வந்தோம். புறப்படும்போது என் டாங்க் முக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. வரும் வழியில் ஜொகூர் பாருவில் கழுத்துவரை நிரப்பினேன், மலிவாச்சே. வீட்டுக்கு வந்து எல்லா ரசீதையும் கூட்டி நான்கால் வகுத்து அனுப்பினேன். மறுநாள் ஒரு நண்பர் கேட்டார்: "போகும்போது உங்க டாங்க் ஃபுல்லா இருந்துச்சா?" அவ்வளவுதான் கேட்டார். என் டாங்க் ஐம்பது லிட்டர். அதில் கால்வாசி, அதாவது பன்னிரண்டு லிட்டர், மூன்று பேரும் பங்கு போட்ட காசில் என் கார் நிறுத்துமிடத்தில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் ரசீதைக் கூட்டினால் அப்படித்தான் வரும்.

ஆகவே முதல் வேலை இதுதான். புறப்படும் அன்று வீட்டுப் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் டாங்கை நிரப்பிவிடு, குழாய் தானாக நிற்கும் வரை. அந்த ரசீதைக் கணக்கில் சேர்க்காதே. அது உன் முந்தைய வாரங்களின் பெட்ரோல், நீ வேலைக்குப் போய்வந்து எரித்தது. அதற்குப் பிறகு வழியில் போடுவதை எல்லாம் எழுதி வை. திரும்பும்போது மறுபடி குழாய் நிற்கும் வரை நிரப்பு. நிரம்பிய டாங்கோடு போனாய், நிரம்பிய டாங்கோடு வந்தாய் என்றால், நடுவில் போட்ட லிட்டர் எல்லாம் இந்தப் பயணம் எரித்ததுதான். அந்த ரசீதுகளின் மொத்தம்தான் பெட்ரோல் செலவு. ஜொகூர் பாருவிலிருந்து ஈசூன் வருவதற்குள் ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ குறையும். அதை விட்டுவிடு.

நிரப்பிவிட்டுப் போவதில் இன்னொரு வசதியும் உண்டு. சிங்கப்பூரில் பதிவு செய்த கார் எல்லையைத் தாண்டும்போது டாங்கில் குறைந்தது முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கவேண்டும் என்பது 1991-லிருந்து இருக்கும் விதி. இங்கே விற்கும் பெட்ரோலில் வரி அதிகம். 92, 95 ரகங்களுக்கு லிட்டருக்கு 66 காசு, 98-க்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 79 காசு, அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. எல்லாரும் காலி டாங்கோடு போய் அந்தப் பக்கம் நிரப்பிக்கொண்டு வந்தால் அந்த வரி போய்விடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. முள் முக்காலுக்குக் கீழே இருந்து பிடிபட்டால் 500 வெள்ளி வரை அபராதம் விழலாம். அது ஓட்டுநரின் தலையில் விழவேண்டிய காசு. நால்வரிடம் பங்கு கேட்க முடியாது.

இப்போது நீ ஒன்று கேட்பாய். "அண்ணே, நான் போகும்போது எரித்தது ஈசூனில் லிட்டர் 2.40-க்குப் போட்ட பெட்ரோல். நீங்கள் மலேசிய விலையில் கணக்கு எழுதச் சொல்கிறீர்களே, எனக்கு நட்டம் இல்லையா?" இல்லை. புறப்படும் முன் உன்னிடம் ஒரு டாங்க் பெட்ரோல் இருந்தது, வந்த பின்னும் ஒரு டாங்க் இருக்கிறது. இடையில் உன் பையிலிருந்து போனது மலேசியாவில் கொடுத்த காசு மட்டும். போன தடவை முகம் சுளித்தவர் இதைத்தான் நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது. ஈசூன் ரசீதையும் சேர்த்து, மலேசிய ரசீதையும் சேர்த்து நான்கால் வகுத்தாயா? அப்படிச் செய்திருந்தால் ஒரே தூரத்துக்கு ஒன்றரை மடங்கு பெட்ரோல் வாங்கியிருக்கிறாய்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்புகிறாய், பெட்ரோல் நிலையத்தில் நீண்ட வரிசை, கடற்பாலத்தில் அதைவிட நீண்ட வரிசை, நிரப்பாமலே வந்துவிடுகிறாய். அப்போது மறுநாள் ஈசூனில் நிரப்பும் ரசீதுதான் கணக்கில் வரும், தள்ளுபடி போக நீ உண்மையில் கட்டிய விலையில். இங்கே பலகையில் எழுதியிருக்கும் விலையை யாரும் முழுசாகக் கட்டுவதில்லை, கடன் அட்டைக்கும் உறுப்பினர் அட்டைக்கும் கழிவு போய்விடும். இருபத்தாறு லிட்டர் என்றால் இரண்டு ஊர் விலைக்கும் நடுவே முப்பது நாற்பது வெள்ளி வித்தியாசம் வரலாம். அதனால் "ஜொகூர் பாருவில் நிரப்பிவிட்டுப் போவோமா, நேரே வீட்டுக்குப் போவோமா?" என்று காரில் இருப்பவர்களையே கேட்டுவிடு. அரை மணி நேரம் நிற்பதா, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி கூடத் தருவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

மலேசியாவில் நீ போடவேண்டியது ரான் 97. ரான் 95 அங்கே அரசு மானியத்தில் விற்பது. வெளிநாட்டில் பதிவான கார்களுக்கு அதைப் போடக்கூடாது, பார்ப்பவர்கள் படம் எடுத்துப் போட்டும் விடுகிறார்கள். ஆகவே செலவை முன்கூட்டி மதிப்பிடும்போது ரான் 95 விலையைப் பார்த்து மகிழ்ந்து போகாதே.

முன்கூட்டி மதிப்பிடுவது என்றால் மைலேஜ் தெரியவேண்டும். விற்பனைக் கடையில் காருக்கு ஒட்டியிருக்கும் தாளில் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும். நாம் பேசுவது லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர். நூறை அந்த எண்ணால் வகுத்தால் நம் பேச்சுக்கு வந்துவிடும்: நூறுக்கு 6.5 லிட்டர் என்றால் லிட்டருக்குப் பதினைந்து சொச்சம். ஆனால் அந்தத் தாளில் இருப்பது சோதனைக்கூட எண். நான்கு ஆட்கள், பெட்டிகள், விடாமல் ஓடும் ஏர்கான், 110 கிலோமீட்டர் வேகம் என்று போகும்போது அது கிடைக்காது. டாஷ்போர்டு காட்டும் மைலேஜும் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும். நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிப் பார்த்த உன் சொந்த எண்தான் நம்பகமானது. இரண்டு மூன்று தடவை பார்த்து வைத்துக்கொள்.

கடற்பால நெரிசலை மறந்துவிடாதே. இஞ்சினும் ஏர்கானும் ஓடிக்கொண்டிருக்க நின்றுகொண்டே இருந்தால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எரியும் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறை வாரத்தில் மூன்று மணி நேரம் ஊர்ந்தால் இரண்டு மூன்று லிட்டர் போய்விடும், மீட்டரில் மூன்று கிலோமீட்டர்கூடக் கூடியிருக்காது. முன்மதிப்பீட்டில் பத்து சதவீதம் கூட்டிச் சொல்வது இதற்குத்தான்.

அடுத்தது டோல். இதிலும் பெட்ரோலில் நடந்த அதே தவறு வேறு வேஷத்தில் வரும். டச் என் கோ அட்டையில் நூறு ரிங்கிட் ஏற்றினேன், ஆளுக்கு இருபத்தைந்து கொடுங்கள் என்பார்கள். ஏற்றியது செலவு ஆகாது. கழிந்ததுதான் செலவு, மீதி அட்டையில் உனக்காக இருக்கிறது. சோதனைச்சாவடியில் நுழையும்போது அட்டையில் எவ்வளவு இருந்தது, திரும்பிய பிறகு எவ்வளவு இருக்கிறது, நடுவில் எவ்வளவு ஏற்றினாய் என்ற மூன்று எண் போதும். அத்தை மலாக்காவில் இறங்குவதால் உனக்கு நான்காவதாக ஓர் எண்ணும் வேண்டும்: ஆயர் குரோ வெளியேறும் சாவடியில் திரையில் தெரியும் மீதி. பக்கத்தில் உட்காருகிறவரிடம் அதை எழுதச் சொல். நீ ஓட்டிக்கொண்டிருக்கும்போது குனிந்து பார்க்காதே. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தூரத்துக்கு ஏற்பத்தான் கட்டணம் என்பதால் மலாக்காவில் வெளியேறி மறுபடி நுழைவதால் டோல் பெரிதாகக் கூடிவிடாது. நுழையும்போது தொட்ட அட்டையையே வெளியேறும்போதும் தொடவேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்.

டோல் தவிர, சிங்கப்பூர் கார் ஜொகூருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் சாலைக் கட்டணம் இருபது ரிங்கிட் கழியும். அது பயணச் செலவு, பங்கு போடலாம். வாகன நுழைவு அனுமதிக்கு, அதுதான் விஇபி, பத்து ரிங்கிட் கட்டி வில்லை வாங்கியிருப்பாய். அது ஐந்து வருடத்துக்கு உன் காருக்கு, அதைப் பங்கு போடாதே. வில்லை இல்லாமல் போய் வந்தால் 2025 ஜூலையிலிருந்து 300 ரிங்கிட் அபராதம். அதுவும் உன்னுடையதுதான்.

சரி, இனி உன் பயணத்தையே எண்ணில் போட்டுப் பார்ப்போம். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் எளிதான எண்களாக எடுத்துக்கொள்கிறேன். போகும்போது உண்மையான எண்ணைப் போட்டுக்கொள். ரான் 97 லிட்டர் 3.20 ரிங்கிட், ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று வைப்போம்.

ஈசூனிலிருந்து மலாக்கா மகள் வீடு வரை 230 கிலோமீட்டர், அதுவரை நான்கு பேர். அங்கிருந்து கோலாலம்பூர் 150, அங்கே சுற்றியது 60, திரும்பி வந்தது 340. ஆக அத்தை இல்லாமல் 550, மொத்தம் 780 கிலோமீட்டர். கோலாலம்பூரை விட்டுக் கிளம்பும் முன் 34 லிட்டர், ஜொகூர் பாருவில் 26 லிட்டர், கூட்டினால் 60 லிட்டர், 192 ரிங்கிட். இங்கே ஒரு நிமிடம் நின்று 780-ஐ 60-ஆல் வகுத்துப் பார். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வருகிறது, நெடுஞ்சாலையில் ஓடிய சாதாரண 1.6 லிட்டர் காருக்கு ஒத்துவரும் எண். இது ஒன்பதோ எட்டோ என்று வந்திருந்தால், ஒன்று ரசீதுக்குள் பழைய பெட்ரோல் புகுந்திருக்கிறது, இல்லையென்றால் உன் டாங்கில் மிச்சம் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அந்த நண்பர் போட்ட கேள்வி இந்த வகுத்தலில் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் போட்டுப் பார்க்கவில்லை.

192-ஐ 780-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 24.6 சென். மலாக்கா வரை 230 கிலோமீட்டருக்கு 56.60 ரிங்கிட், மிச்சப் பயணத்துக்கு 135.40.

டோல், மலாக்கா வரை 20 ரிங்கிட், அங்கிருந்து கோலாலம்பூர் 18, நகருக்குள் 8, திரும்பி வர 38 என்று இருக்கட்டும். கடற்பாலத்தில் கழிவதைப் போக ஆறு, வர ஆறு என்று வைத்துக்கொள். சாலைக் கட்டணம் 20. கோலாலம்பூரில் இரண்டு இரவு தங்கிய இடத்தில் பார்க்கிங் 32.

மலாக்கா வரைக்கும் பெட்ரோல் 56.60, டோல் 20, பாலம் 6, சாலைக் கட்டணம் 20, ஆக 102.60 ரிங்கிட். நான்கு பேர், ஆளுக்கு 25.65. அதற்குப் பிறகு பெட்ரோல் 135.40, டோல் 64, பாலம் 6, பார்க்கிங் 32, ஆக 237.40. மூன்று பேர், ஆளுக்கு 79.13. அத்தையின் பங்கு 25.65 ரிங்கிட், அதாவது எட்டு வெள்ளி 2 காசு. உங்கள் மூவரின் பங்கு ஆளுக்கு 104.78 ரிங்கிட், அதாவது 32 வெள்ளி 74 காசு. மொத்தம் 340 ரிங்கிட் சரியாக வரும்.

நீ போன தடவை மாதிரி நான்கால் வகுத்திருந்தால் ஆளுக்கு 85 ரிங்கிட், இருபத்தாறரை வெள்ளி. மலாக்காவுக்கு ஒருவழி போன அத்தை மும்மடங்குக்கு மேல் கட்டியிருப்பார், கோலாலம்பூர் பார்க்கிங்குக்கும் சேர்த்து. ஆட்கள் எங்கே ஏறினார்கள் இறங்கினார்கள் என்று பார்த்துத் துண்டு போடுவது இரண்டு நிமிட வேலை, ஆனால் வித்தியாசம் இவ்வளவு.

சாலைக் கட்டணத்தை முதல் துண்டில் போட்டது என் தீர்மானம். நுழையும்போது வாங்குகிறார்கள், அப்போது அத்தையும் காரில் இருந்தார். முழுப் பயணத்துக்கும் பரப்பிப் போடவேண்டும் என்று யாராவது சொன்னால் அதிலும் தப்பில்லை, அத்தைக்கு ஒரு வெள்ளி போலக் குறையும். மகள் வீட்டுக்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஏறும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டரையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். எல்லாரும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தானே கிளம்பப் போகிறீர்கள்? அப்படியானால் அது எல்லாருடைய தூரம்.

ரிங்கிட்டிலேயே கடைசி வரை கணக்கை முடித்துவிட்டு ஒரே தடவை வெள்ளிக்கு மாற்று. ஒவ்வொரு வரியையும் மாற்றினால் காசு காசாகப் பிசகும். நாணய விகிதம் நீ உண்மையில் மாற்றிய விகிதம், இணையத்தில் காட்டும் விகிதம் இல்லை.

காரின் தேய்மானத்தைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உன் சிஓஇ நீ ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் நாள் கணக்கில் கரைந்துகொண்டேதான் இருக்கிறது. சாலை வரியும் காப்புறுதியும் அப்படியே. 780 கிலோமீட்டருக்கு டயரும் எண்ணெய் மாற்றுவதும் கொஞ்சம் ஆகும், உண்மைதான். நண்பர்களிடம் நான் அதை எழுதுவதில்லை. எழுதுவதாக இருந்தால் புறப்படும் முன் சொல்லிவிடவேண்டும், வந்த பிறகு சொன்னால் கசக்கும். வேகக் கட்டுப்பாட்டு அபராதம் ஓட்டியவருடையது. "சீக்கிரம் போங்க" என்று பின்னால் இருந்து சொன்னவரும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று எனக்கு ஆசை உண்டு, நடந்ததில்லை.

ஒன்றை மட்டும் கவனி. சிங்கப்பூருக்குள் தனியார் காரில் ஆள் ஏற்றிக் காசு வாங்க 2015-ல் ஒரு விதிவிலக்கு ஆணை வந்தது. வாங்கும் தொகை அந்தப் பயணத்தின் செலவைத் தாண்டக்கூடாது, எங்கே போகிறோம் எவ்வளவு என்பதை முன்பே பேசிவிடவேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது, சாலையில் நின்று ஆள் பிடிக்கக் கூடாது. உன் சொந்தக்காரர், நண்பர்களோடு போவது வேறு. ஆனால் காலியாக இருக்கும் ஐந்தாவது இடத்துக்கு முகம் தெரியாத ஒருவரை விளம்பரம் போட்டு ஏற்றி எல்லை தாண்டி நூறு வெள்ளி வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. அது உரிமம் இல்லாத வாடகை வண்டி ஆகிவிடும், இரண்டு பக்கமும் பிடிப்பார்கள், காப்புறுதியும் கைகொடுக்காது.

இனி உன் அத்தை விஷயம். அவரிடம் எட்டு வெள்ளி கேட்க உனக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும், மேலும் அவர் வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவார். கேட்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் அந்த எட்டு வெள்ளி உன் பங்கில்தான் ஏறவேண்டும். அவரை அழைத்தது நீ. நண்பர்கள் இருவரும் தரவேண்டியது அப்போதும் 32 வெள்ளி 74 காசுதான், நீ 40 வெள்ளி 76 காசு.